விற்பனைத் தொகை மறைக்கும் கணக்கு

மாதம் முடிந்ததும் சிறுதொழில் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது விற்பனைத் தொகையைத்தான். அது கூடியிருந்தால் தொழில் நன்றாகப் போகிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், பணம் எங்கே ஒழுகுகிறது என்பதை அந்தத் தொகை சொல்லாது. ஒழுகும் இடம் தொழிலுக்குத் தொழில் மாறும். கே.பி.ஐ. என்று கம்பெனிகளில் சொல்லப்படும் முக்கிய அளவீடு அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

பிளம்பரை எடுத்துக்கொள்வோம். அவர் விற்பது நேரம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பினால் பத்து மணி நேரம் ஆகிறது. அதில் கூலி கிடைக்கும் வேலை ஐந்து மணி நேரம்தான் இருக்கும். மீதி நேரம் வண்டியில் போகும். பையில் இல்லாத ஒரு எல்போவுக்காகக் கடைக்கு ஓடுவதில் போகும். ஆகவே, வெளியில் இருந்த நேரத்தில் எவ்வளவுக்குக் கூலி வந்தது என்பதே அவருடைய முதல் அளவீடு. இதற்கு ஒரு பாக்கெட் நோட்டு போதும்.

அதோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். சரிசெய்த குழாய் ஒரு மாதத்துக்குள் மறுபடி கசிந்து, காசு வாங்காமல் போய்ப் பார்த்த வேலைகள் எத்தனை? ஒரு நாளில் எத்தனை வீடு முடித்தோம் என்பதை மட்டும் எண்ணினால் கை அவசரப்படும். அதன் விலை அடுத்த மாதம் இந்த இரண்டாவது கணக்கில் தெரியும்.

ஆன்லைன் துணி வியாபாரம் இதைவிடச் சிக்கலானது. திருப்பூரிலிருந்து டி-ஷர்ட் விற்கும் ஒரு சிறிய கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ஆர்டர், ஒன்று 600 ரூபாய். திரையில் ஆறு லட்சம் ரூபாய் விற்பனை தெரிகிறது. அதில் 250 பார்சல்கள் திரும்பி வருகின்றன. கேஷ் ஆன் டெலிவரி கேட்டுவிட்டு வாங்க மறுத்தவர்கள் பாதிக்கு மேல். மற்றவர்கள் அளவு சரியில்லை என்று அனுப்பியவர்கள்.

கையில் வந்த பணம் 750 ஆர்டருக்கு 4,50,000 ரூபாய். அந்தச் சரக்கின் அடக்கவிலை, ஒன்றுக்கு 330 ரூபாய் வீதம், 2,47,500. விளம்பரம் ஆர்டருக்கு 90, பேக்கிங்கும் கூரியரும் 70. இவை திரும்பி வந்த பார்சல்களுக்கும் சேர்த்து 1,000 ஆர்டருக்கும் செலவானவை, ஆக 1,60,000. திரும்பக் கொண்டுவரும் கூலி பார்சலுக்கு 60 வீதம் 15,000. கடைசியில் மிஞ்சுவது 27,500 ரூபாய். வரி, வாடகை, சம்பளம் எதையும் இன்னும் கழிக்கவில்லை.

இப்போது திரும்பி வருவது 250க்குப் பதில் 350 ஆகட்டும். ஆர்டர் அதே 1,000; திரையில் அதே ஆறு லட்சம். ஆனால், 27,500 ரூபாய் மிச்சம் 5,500 ரூபாய் நஷ்டமாகிவிடும். கூடுதலாகத் திரும்பும் ஒவ்வொரு பார்சலும் 330 ரூபாயை விழுங்குவதுதான் காரணம். திரும்பி வரும் துணி அப்படியே மறுபடி விற்றுவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு இது. அழுக்குப்பட்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எனவே, இந்தக் கடை பார்க்க வேண்டியது, திரும்பியவை போக ஓர் ஆர்டருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை. திரும்பியவற்றை மொத்தமாக எண்ணினாலும் பயனில்லை. டிசைன், சைஸ், பணம் செலுத்திய விதம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே டிசைனில் ‘எல்’ சைஸ் மட்டும் அதிகம் திரும்பினால், பக்கத்தில் போட்டிருக்கும் அளவு அட்டவணை தவறு என்று பொருள். அதை ஒரே நாளில் திருத்திவிடலாம். கேஷ் ஆன் டெலிவரியில்தான் அதிகம் என்றால், அனுப்பும் முன் போன் செய்து உறுதிப்படுத்த ஆள் போட வேண்டும்.

கடைகளுக்கு மாதச் சந்தாவில் மென்பொருள் தரும் நிறுவனத்தில் திரும்பி வரும் பார்சல் கிடையாது. அங்கே வாடிக்கையாளர் சத்தமில்லாமல் விலகுகிறார். மாதம் மூன்று சதவீதம் பேர் போனால் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஜனவரியில் 200 கடைகள் சேர்ந்திருந்தால், ஓர் ஆண்டில் ஏறக்குறைய 139 கடைகளே மிஞ்சும். புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் மொத்த எண்ணிக்கை இதைக் காட்டாது. அதனால், எந்த மாதம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

விலகல் சதவீதத்திலும் ஒரு குறை உண்டு: ஆள் போன பிறகுதான் அது தெரியும். பில் போடும் மென்பொருள் என்றால், தினமும் பில் போட்ட கடை பத்து நாளாக ஒன்றுகூடப் போடவில்லை என்பது அதற்கு முன்பே கண்ணில் படும். அந்தக் கடைகளின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்து, அவர்களுக்குப் போன் செய்யுங்கள். சந்தாவை ரத்து செய்த பிறகு அழைத்தால் பெரும்பாலும் பலன் இருக்காது.