வெற்றியைப் பெயர் சொல்லாத வாழ்த்து: தேர்வுக்குச் செல்வோரை வழியனுப்பும் மதுரை வழக்கு

முன்னுரை

தேர்வுக்கோ நேர்காணலுக்கோ புறப்படுபவரிடம் ஆங்கிலத்தில் ‘குட் லக்’ என்று கூறுவது இயல்பான வழக்கு. அதனைத் தமிழில் ‘நல்ல அதிர்ஷ்டம்’ என்று பெயர்த்துச் சொல்லிப் பார்த்தால் கேட்பவர் முகம் மாறும். இலக்கணப் பிழை ஏதும் அத்தொடரில் இல்லை. எனினும் அவ்விடத்தில் அது பொருந்தவில்லை. இதனைக் கொண்டு தமிழில் இத்தகைய வாழ்த்தே இல்லை என்று முடிவு செய்வாரும் உளர். மதுரைத் தல்லாகுளம் பகுதியின் அன்றாடப் பேச்சு வழக்கைச் சான்றாகக் கொண்டு, தமிழில் அவ்வாழ்த்து வேறொரு வடிவில் உள்ளது என்பதையும், நேரடியாக வெற்றியைச் சொல்லாமை அவ்வடிவின் விதி என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்வோர், கேட்போர் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

ஒரு காலை நேரத்து உரையாடல்

தல்லாகுளம் பெருமாள் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் புறப்பட்ட மாணவி ஒருவரின் வீட்டில் கட்டுரையாளர் கேட்ட உரையாடலின் வரிசை பின்வருமாறு அமைந்தது. மாணவி நுழைவுச் சீட்டைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாரேன் அப்பத்தா” என்றார். அப்பத்தா திருநீறு பூசி, “நல்லா இரு தாயி” என்றார். தாய், “சூதானமா போயிட்டு வா. நல்லபடியா எழுதிட்டு வா” என்றார். வாசலில் எதிர்ப்பட்ட அண்டை வீட்டுப் பெண், “என்ன, தொலவா?” என்று மட்டும் கேட்டார். மாணவியின் தம்பி, “அக்கா எப்படியும் நூத்துக்கு நூறு வாங்கிரும்” என்றபோது, “வாய வைக்காத, பேசாம இரு” என்று அப்பத்தா அவனை அடக்கினார். தெருமுனையில் நின்ற தோழி, “ஆல் தி பெஸ்ட் டி” என்றார். மாணவி “தேங்க்ஸ் டி” என்றார்.

இவ்வரிசையில் வாழ்த்துக் கருத்துடைய கூற்றுகள் பல உள. ஆனால் தேர்வின் பயனைப் பெயர் சொல்லிக் குறித்தது தம்பியின் கூற்று ஒன்றே, கண்டிக்கப்பட்டதும் அதுவே. இந்த வேறுபாட்டை மொழியமைப்பின் வழி விளக்குதல் கூடும்.

‘எழுதிட்டு வா’: தொடரின் அமைப்பு

‘நல்லபடியா எழுதிட்டு வா’ என்னும் தொடரில் முற்றுவினை ‘வா’ என்பதாகும். ‘எழுதிவிட்டு’ என்பது அதற்கு முன் நிகழும் வினையைக் காட்டும் எச்சம். ‘நல்லபடியாக’ என்பது அவ்வெச்சத்திற்கு அடை. ஆகவே தாய் விரும்புவதாகத் தொடர் கூறுவது மகளின் மீள்வரவையே. தேர்வு நன்கு நிகழ வேண்டும் என்னும் விழைவு அதனுள் அடையாக அடங்கி நிற்கிறது. மதிப்பெண், தேர்ச்சி, வெற்றி என்னும் சொற்கள் இடம்பெறவில்லை.

மேலும், ‘எழுது’ என்பது மாணவியின் ஆற்றலுக்கு உட்பட்ட செயல். ‘வெற்றி’ என்பது திருத்துவோர், போட்டியாளர், காலம் ஆகியவற்றையும் சார்ந்த பயன். இவ்வழக்கு செயலை ஏவுகிறது, பயனைத் தொடுவதில்லை.

‘போ’ என்று முடிக்காமல் ‘போய் வா’ என்பதும், ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்பதும் மங்கல வழக்கைச் சார்ந்தவை. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துள்ளார். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. புறப்படுபவரை ‘எங்கே போகிறாய்?’ என்று வினவாமல் ‘தொலைவா?’ என்று அண்டை வீட்டார் கேட்டதும் இவ்வகையினதே. செல்லும் இடத்தைச் சுட்டிக் கேட்பது செயலுக்குத் தடை என்னும் கருத்து இதற்கு அடிப்படை. சொல் நிகழ்வைத் தாக்கும் என்பது அக்கருத்தின் உட்பொருள். ‘வாய் வைத்தல்’, ‘கருநாக்கு’, ‘கண் படுதல்’ என்னும் வழக்குகளும் அதனையே உணர்த்துகின்றன. தம்பி தீமை எதையும் சொல்லவில்லை. நன்மையையே முன்கூட்டிச் சொன்னான். அதுவே குற்றமாயிற்று.

வாழ்த்தும் இடமும்: தொல்காப்பியர் நோக்கு

விழைவை உணர்த்தும் வினைமுற்றைத் தமிழ் இலக்கணம் வியங்கோள் என்று வழங்குகிறது. ‘வாழ்க’, ‘வெல்க’ என்பன அவ்வடிவின. அது எவ்விடத்துக்குரியது என்பதில் இரு பேரிலக்கணங்களும் வேறுபடுகின்றன. தொல்காப்பியர் வினையியலில், வியங்கோள் தன்மை, முன்னிலை ஆகிய ஈரிடத்தும் ‘மன்னாது’ என்கிறார். நிலைபெற்று வாராது என்பது அதன் பொருள் ஆதலின், அவ்விடங்களில் சிறுபான்மை வருதலை உரையாசிரியர்கள் தழுவிக்கொள்வர். நன்னூலாரோ வியங்கோள் எல்லா இடத்தும் பாலிலும் வரும் என்கிறார். எனவே, தொல்காப்பியர் கண்ட நிலையில் வியங்கோளின் உரிய இடம் படர்க்கை. முன்னிற்பாரை நோக்கி ‘நீ வெல்க’ என்பதினும் ‘அவன் வெல்க’ என்பதே அதன் இயல்பான ஆட்சி எனலாம்.

இன்றைய பேச்சுத் தமிழில் வியங்கோளின் ககர ஈற்று வடிவம் வழங்குவதில்லை; ‘-அட்டும்’ என்னும் ஈறு அப்பணியைச் செய்கிறது. அதுவும் படர்க்கைக்கே இயல்பாக உரியது. ‘நல்லது நடக்கட்டும்’ என்கிறோம். முன்னிலையில் ‘நீ ஜெயிக்கட்டும்’ என்பது வழக்கன்று. முன்னிலைக்கு ஏவல் வடிவமே எஞ்சுகிறது. வெற்றியை ஏவலாகச் சொன்னால் ‘ஜெயி’ என்று கட்டளையாகிவிடும். அது வாழ்த்தன்று, சுமை. ஆகவேதான் விழைவு, ‘எழுதிட்டு வா’ எனச் செயலின் மேலும், ‘நல்லதே நடக்கும்’, ‘அழகர் பார்த்துக்கிடுவாரு’ எனப் படர்க்கையின் மேலும் ஏற்றப்படுகிறது.

தெய்வத்தின் மேல் ஏற்றிக் கூறுதலுக்குச் செய்யுள் மரபிலும் இணை உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் புறநிலை வாழ்த்து, வழிபடு தெய்வம் காக்க நீயும் நின் வழியினரும் செழிப்பீராக என வாழ்த்தும் முறை. அங்கும் வாழ்த்துவோன் பயனைத் தன் சொல்லால் தருவதாகக் கொள்வதில்லை. காவல் தெய்வத்தினிடம் விடப்படுகிறது.

தனக்குச் சொல்லப்படாத நற்சொல்

பழந்தமிழ் இலக்கியம் காட்டும் விரிச்சி என்னும் வழக்கம் இவ்விடத்தில் கருதத்தக்கது. தொல்காப்பியர் வெட்சித் துறைகளுள் ஒன்றாகப் பாக்கத்து விரிச்சியைக் கூறுகிறார். முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவன் மீள்வானோ என அறியப் பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லை மலரும் கொண்டு ஊர்ப்புறம் சென்று நிற்கின்றனர். அங்கே ஆயர்மகள் ஒருத்தி, தாயைக் காணாது வருந்தும் கன்றிடம், தாய் இப்பொழுதே வந்துவிடும் என்று ஆறுதல் கூறுகிறாள். அச்சொல்லைத் தலைவன் வரவுக்குரிய நற்சொல்லாகப் பெண்டிர் கொள்கின்றனர்.

ஆயர்மகள் தலைவியை அறியாள். அவள் சொல் கன்றுக்கு உரியது. நோக்கமின்றிப் பிறந்தமையே அச்சொல்லுக்கு நம்பகம் தருகிறது. பெண்டிரே தலைவியிடம் ‘அவன் வெல்வான்’ என்று கூறியிருந்தால் அது ஆறுதலாகுமே அன்றி விரிச்சி ஆகாது. சங்க கால விரிச்சியிலிருந்தே இன்றைய தெருவழக்கு பிறந்தது என்று கூற இங்குச் சான்றில்லை. ஆயினும் நேரே சொல்லப்படும் நன்மையினும் மறைமுகமாக வந்தடையும் நன்மையே வலிது என்னும் கருத்து இரண்டிற்கும் பொது.

‘ஆல் தி பெஸ்ட்’ நிரப்பிய இடம்

அப்பத்தாவின் ‘நல்லா இரு’ என்பது முன்னிலையில் நேரே கூறப்பட்ட வாழ்த்தன்றோ என்னும் வினா எழலாம். ஆம், ஆனால் அது தேர்வைக் குறித்ததன்று, வாழ்வு முழுவதையும் குறித்தது. மேலும் அது மூத்தோர் இளையோர்க்குக் கூறும் ஆசி. அதற்கு நன்றி கூறுவதில்லை. வணங்கியோ ‘வாரேன்’ என்று கூறியோ விடைபெறுவதே முறை. ஆசி கூறும் உரிமை மூப்பைச் சார்ந்தது என்பதற்கு மதுரைச் சுவரொட்டிகளில் காணும் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்னும் தொடரே போதிய சான்று.

அவ்வாறாயின் ஒத்த வயதினர் எதனைக் கூறுவது? ஆசி கூறத் தோழிக்கு மூப்பு இல்லை. வெற்றியைச் சொன்னால் வாய் வைத்ததாகும். இவ்விடத்தை ‘ஆல் தி பெஸ்ட்’ நிரப்புகிறது. அது தமிழ்ச்சொல் அன்மையின் மங்கல அமங்கல விதிக்குள் முழுதும் வருவதில்லை. நன்றியையும் அம்மொழியிலேயே ‘தேங்க்ஸ்’ எனத் திருப்பித் தர இயலுகிறது. எனவே இதனை ஆங்கில மோகம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. எழுத்து வழக்கில் ‘வெற்றி பெற வாழ்த்துகள்’ என்பது இதே பணியைச் செய்கிறது. அங்கே வாழ்த்து வினையாக இன்றிப் பெயராக நிற்பதால் வாழ்த்துவோரும் இடமும் மறைகின்றனர். அச்சில் பொருந்தும் அத்தொடர் வாசலில் நின்று பேசும்போது மேடைப்பேச்சாக ஒலிப்பது இதனாலேயே.

‘அதிர்ஷ்டம்’ பொருந்தாமைக்கும் காரணம் இப்போது தெளிவாகும். காணப்படாதது என்னும் பொருளுடைய அவ்வடசொல், தமிழ் வழக்கில் முயற்சியின்றி வாய்த்ததைப் பெரும்பாலும் நிகழ்வுக்குப் பின்னரே குறிக்கிறது. படித்துவிட்டுச் செல்பவரிடம் அதனைக் கூறுவது அவர் உழைப்பை மறுப்பதாகும். பயனை முன்கூட்டிச் சொல்வதுமாகும்.

பிறமொழிகளோடு ஓர் ஒப்பீடு

நேர்வாழ்த்தை அஞ்சும் இயல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியர் தேர்வுக்குச் செல்பவரிடம் ‘ஓநாயின் வாய்க்குள்’ என்னும் பொருளில் ‘இன் போக்கா அல் லூபோ’ என்பர். அது சாகட்டும் என்னும் பொருளில் ‘கிரேப்பி’ என்பது மரபான மறுமொழி. உருசியர் ‘நீ பூஹா நீ பெரா’ என்று வேட்டையில் இறகும் மயிரும் கிட்டாமையைக் கூற, கேட்பவர் ‘பேயிடம் போ’ என்று மறுமொழி கூறுவர். ஆங்கில நாடக அரங்கினர் நேரே வாழ்த்துவதைத் தவிர்த்துக் கால் முறியட்டும் என்பர். இவை மூன்றும் தீமையைச் சொல்லி நன்மையைக் காக்கின்றன.

தமிழ் இவ்வழியில் செல்வதில்லை. புறப்படும் வேளையில் கால் முறிதலைச் சொல்வது, வெற்றியைச் சொல்வதினும் பெருங்குற்றம். நன்மையை முன்கூட்டிச் சொல்லலாகாது என்னும் தடையில் தமிழ் அம்மொழிகளோடு ஒன்றுபடுகிறது. தீமையையும் சொல்லலாகாது என்னும் மங்கல விதியால் வேறுபடுகிறது. இரு தடைகளுக்கும் இடையே எஞ்சுவன செயல், மீள்வரவு, படர்க்கை ஆகிய மூன்றே.

முடிவுரை

தேர்வுக்குச் செல்வோரை வழியனுப்பும் மதுரை வழக்கு, பயனைப் பெயர் சொல்லாமல் செயலை ஏவியும், மீள்வரவை வேண்டியும், நன்மையைப் படர்க்கையில் ஏற்றியும் வாழ்த்துகிறது. முன்னிலை நேர்வாழ்த்து மூத்தோர் ஆசியாக மட்டும், வாழ்வு முழுமைக்குமாக நிற்கிறது. ஒத்தாரிடையே உள்ள வெற்றிடத்தைக் கடன்தொடர் நிரப்புகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளரும் அயலார்க்குத் தமிழ் கற்பிப்போரும் ‘குட் லக்’ என்பதற்கு ஒரே நிகரனைத் தேடுதல் பயன் தராது. பேசுவோர் மூத்தவரா, ஒத்தவரா, இளையவரா என்று கண்டு முறையே ‘நல்லபடியா எழுதிட்டு வா’, ‘ஆல் தி பெஸ்ட்’, ‘போயிட்டு வாங்க, நல்லதே நடக்கும்’ என்று தேர்வதே வழக்கோடு பொருந்தும்.