‘இஸ்’ எங்கே போனது? பிள்ளைகளின் ஆங்கில வாக்கியத்தில் தமிழின் தடம்

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் மாமாவைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “மை அங்கிள் லோரி டிரைவர். இஸ் கமிங் டுமாரோ.” முதல் வரியில் ‘இஸ்’ இல்லை. இரண்டாம் வரியில் ‘இஸ்’ இருக்கிறது, ஆனால் வருபவர் யார் என்பது இல்லை. கவனக்குறைவு என்று சிவப்பு மை விழும். உண்மையில் அவள் தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறாள்.

“என் மாமா லோரி ஓட்டுநர்” என்பது தமிழில் முழு வாக்கியம். பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்பதால் வினைச்சொல் தேவையில்லை. மலாயிலும் “பாக் சிக் சாயா பெமாண்டு லோரி” என்றால் போதும். பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு மொழிகளும் கேட்காத சொல்லை ஆங்கிலம் மட்டும் கேட்கிறது.

இரண்டாம் வரியின் காரணம் வேறு. “நாளைக்கு வருகிறார்” என்னும்போது ‘ஆர்’ விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. வருகிறான், வருகிறாள், வருகிறது என்று விகுதி மாறும்போது ஆளும் மாறுகிறார். எழுவாய் மறைந்து நின்றாலும் குழப்பமில்லை. இதைத்தான் தோன்றா எழுவாய் என்கிறோம். ஆங்கில ‘இஸ் கமிங்’ வருபவர் ஆணா, பெண்ணா, பேருந்தா என்று சொல்லாது. அதனால் ‘ஹீ’ கட்டாயம். மழையைச் சொல்லும்போதுகூட ஆங்கிலத்துக்கு ஓர் எழுவாய் வேண்டும்: “இட் இஸ் ரெய்னிங்.”

“எல்லா வரியிலும் இஸ் போடு” என்று திருத்தினால் அடுத்த பிழை வரும். “மை அங்கிள் இஸ் டிரைவ் எ லோரி” என்று எழுதுவாள். இதைத் தவிர்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, இறந்த காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

“மாமா லோரி ஓட்டுநர்” என்பது “ஓட்டுநராக இருந்தார்” என்று மாறும். மறைந்திருந்த ‘இரு’ வெளியே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘இஸ்’ வேண்டும். “மாமா லோரி ஓட்டுகிறார்” என்பது “ஓட்டினார்” என்று மாறும். ‘இருந்தார்’ வரவில்லை, ஆகவே ‘இஸ்’ வேண்டாம், ‘டிரைவ்ஸ்’ போதும். “ஓட்டிக்கொண்டிருக்கிறார்” என்றால் “ஓட்டிக்கொண்டிருந்தார்” ஆகும். ‘இருந்தார்’ வருவதால் ‘இஸ் டிரைவிங்’.

இந்தச் சோதனை ‘-க்கு’ வரும் வாக்கியங்களுக்குப் பொருந்தாது. “மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள்” என்பதும் “இருந்தார்கள்” என்றே மாறும். ஆனால் ஆங்கிலத்தில் அங்கே வருவது ‘இஸ்’ அல்ல, ‘ஹேஸ்’. அவ்வகை வாக்கியங்களைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எழுவாய்க்கு ஒரே கேள்வி போதும்: “யார், அல்லது எது?” பதில் அந்த ஆங்கில வரியிலேயே இருக்க வேண்டும். முந்திய வரியில் மாமா இருக்கிறார் என்பது போதாது. இப்படிப் பார்த்தால் மாணவியின் வரிகள் இவ்வாறு அமையும்: “மை அங்கிள் இஸ் எ லோரி டிரைவர். ஹீ இஸ் கமிங் டுமாரோ.”