அச்சில் 57, திரையில் 73

ஸ்கேன் செய்த பாடநூல் ஒன்று பிடிஎஃப் கோப்பாகக் கைக்கு வருகிறது. நானூறு பக்கத்துக்கும் மேல், 120 எம்.பி. இருக்கும். படிக்க வேண்டியதோ மூன்றாம் பாடம் மட்டும். முழுக் கோப்பையும் போனில் திறந்து தள்ளித் தள்ளித் தேடுவதைவிட, அந்தப் பாடத்தை மட்டும் தனியே பிரித்து வைத்துக்கொண்டால் படிப்பது எளிது. பிரிப்பது ஒரு நிமிட வேலைதான். ஆனால் பிரித்தவை சரியான பக்கங்கள்தானா என்று பார்ப்பதற்குத்தான் கவனம் வேண்டும். பாடத்தின் கடைசி இரண்டு பக்கங்கள் விடுபட்டிருப்பது தேர்வுக்கு முந்தைய இரவில் தெரியவந்தால் ஒரு மாணவருக்கு எப்படி இருக்கும்!

பொருளியல் நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருளடக்கத்தில் மூன்றாம் பாடம் 57 முதல் 84 வரை என்று இருக்கிறது. அப்படியே 57-84 என்று பிரித்தால் வருவது இரண்டாம் பாடத்தின் பிற்பகுதியும் மூன்றாம் பாடத்தின் தொடக்கமும். காரணம், நூல் தன் பக்கங்களை எண்ணும் விதம் வேறு, கோப்பு எண்ணும் விதம் வேறு. கோப்புக்கு மேலட்டைதான் 1. அட்டை, அதன் உட்புறம், தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை, பொருளடக்கம் என்று 16 பக்கங்கள் போன பிறகுதான் அச்சில் 1 என்ற எண் வருகிறது. கோப்பில் அது 17ஆம் பக்கம். ஆக, அச்செண்ணோடு 16 கூட்ட வேண்டும். 57ஆம் பக்கம் கோப்பில் 73 ஆகிறது.

இந்தக் கணக்கு பலருக்கும் தெரியும். பாடத்தின் முடிவுக்கும் அதே 16ஐக் கூட்டி, 84க்கு 100 என்று போட்டுவிடுவதில்தான் தவறு நேர்கிறது. 72ஆம் பக்கத்துக்கும் 73க்கும் நடுவே வழவழப்பான தாளில் ஒரு வரைபடம் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தாளுக்கு அச்செண் கிடையாது. ஆனால் ஸ்கேன் செய்தவர் அதன் இரண்டு முகங்களையும் எடுத்திருக்கிறார். அதனால் 73 முதல் வித்தியாசம் 16 அல்ல, 18. பாடம் முடிவது கோப்பின் 102ஆம் பக்கத்தில். எனவே வித்தியாசத்தைத் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். பெட்டியில் 102 என்று தட்டி அந்தப் பக்கத்துக்குப் போய், மூலையில் அச்சான எண் 84தானா என்று கண்ணால் பார்ப்பதே போதும்.

இரண்டு எண்களும் கிடைத்தபின் பிரிக்கலாம். கணினியில் குரோம் உலாவியில் கோப்பைத் திறந்து, அச்சிடும் பெட்டியில் Save as PDF என்பதைத் தேர்ந்து, பக்க இடத்தில் 73-102 என்று கொடுத்தாலும் வேலை முடியும். அவசரத்துக்கு அது சரி. ஆனால் இந்த வழியில் பக்கம் உள்ளபடி எடுக்கப்படுவதில்லை, திரும்ப வரையப்படுகிறது. அதனால் தாளின் அளவு மாறலாம், ஓரங்கள் கூடலாம். ஸ்கேன் படத்துக்கு அடியில் தேடுவதற்காகச் சேர்த்திருக்கும் எழுத்தடுக்கு சில கோப்புகளில் காணாமல் போகும். பழைய கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைத்து, புதிய கோப்பில் கிடைக்கவில்லை என்றால் நடந்தது இதுதான்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் qpdf என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது பக்கங்களைப் படமாக மாற்றாமல், சுருக்காமல் உள்ளபடியே எடுத்து வைக்கும். ஒரே வரியில் கட்டளை தர வேண்டும்:

```
qpdf economics.pdf --pages . 3-4,73-102,418-421 -- lesson3.pdf
```

நடுவில் இருக்கும் புள்ளி ‘இதே கோப்பிலிருந்து’ என்று பொருள்படும். கேட்கும் எண்கள் எல்லாம் கோப்பின் எண்களே, அச்செண்கள் அல்ல. பாடத்தோடு வேறு இரண்டு தொகுதிகளும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். 418-421 என்பது நூலின் கடைசியில் உள்ள பயிற்சி விடைகள். விடைகள் இல்லாத பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர் மறுபடி பெரிய கோப்பைத்தான் தேடிப் போவார். 3-4 என்பது தலைப்புப் பக்கமும் அதன் பின்புறமும். ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இவை இல்லாமல் கைமாறும் தொகுப்பு, எந்தப் பதிப்பு என்று யாருக்கும் தெரியாத அநாதைத் தாள்கட்டு ஆகிவிடும்.

இப்படிப் பாடத்தொகுப்பு செய்வது சட்டப்படி சரியா என்ற கேள்வி டெல்லியில் நீதிமன்றம் வரை போனது. பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளை நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்துக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கொண்டு கல்வியின் பக்கம் நின்றது. எத்தனை பக்கம் என்பது அளவுகோல் அல்ல, கற்பித்தலுக்கு அது தேவைப்பட்டதா என்பதே அளவுகோல் என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. எனக்கு இது நியாயமான தீர்ப்பாகப் படுகிறது. ஆனால் விற்பனையில் உள்ள முழு நூலையும் டெலிகிராம் குழுவில் ஏற்றுவதற்கு இதில் இடம் தேடக் கூடாது. அங்கே நடப்பது கற்பித்தல் அல்ல.

பிரித்த கோப்பைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பக்க எண்ணிக்கை. 57 முதல் 84 வரை 28 பக்கங்கள். பாடத்துக்கென நம்மிடம் இருப்பது 30. கூடுதல் இரண்டும் வரைபடத் தாள் என்று தெரிவதால் கணக்கு சரி. காரணம் தெரியாத ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், ஸ்கேன் செய்தவர் ஏதோ ஒன்றை இரண்டு முறை எடுத்திருக்கிறார். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் முழுக்க நம்ப முடியாது. ஒரு பக்கம் இருமுறை வந்து இன்னொன்று விடுபட்டிருந்தால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. அதற்கு, எண் மட்டும் தெரியும்படி பக்கங்களைச் சிறிதாக்கி வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படைப் பக்கங்கள் நூலின் வலப்புறம் வருபவை, இரட்டைப்படை இடப்புறம். எண் மூலையில் அச்சாகியிருந்தால் அது வலம், இடம் என்று மாறி மாறித் தெரியும். ஒரே பக்கத்தில் இரண்டு முறை வந்தால் அங்கே நின்று பார்க்கலாம்.

அடுத்தது கோப்பின் அளவு. 120 எம்.பி. நூலிலிருந்து பன்னிரண்டில் ஒரு பங்குப் பக்கங்களை எடுத்தால் ஏறக்குறைய 10 எம்.பி. வர வேண்டும். 115 எம்.பி. வந்தால், சில ஸ்கேன் கோப்புகளில் எல்லாப் பக்கப் படங்களும் ஒரே பொதுப்பட்டியலில் கோக்கப்பட்டிருப்பதே காரணம். ஒரு பக்கத்தை எடுத்தாலும் பட்டியல் முழுவதும் கூடவே வந்துவிடும். கட்டளையில் `--remove-unreferenced-resources=yes` என்று சேர்த்து மறுபடி ஓட்டினால், பயன்படாத படங்கள் கழிந்துபோகும்.

தாளில் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. நம் தொகுப்பில் 36 பக்கங்கள். டெம்மி அளவு நூலின் இரண்டு பக்கங்கள் ஏ4 தாளின் ஒரு முகத்தில் ஏறக்குறைய அசல் அளவிலேயே அடங்கும். இருபுறமும் அச்சிட்டால் 9 தாள் போதும். வரைபடத்தை மட்டும் கடைக்காரரிடம் சொல்லித் தனித் தாளில் முழு அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சிறிய எழுத்து மற்றபடி கண்ணுக்குப் பிடிபடாது.