காசு இல்லையா, காசில்லையா?

கண்ணாடியைப் பார்த்தபடி 'நடு' என்று சொல்லுங்கள். அடுத்து 'நாடு' என்று இயல்பாகச் சொல்லுங்கள். முதல் சொல்லின் முடிவில் உதடுகள் குவியும். இரண்டாவதில் அவை பெரும்பாலும் சும்மா கிடக்கும். எழுத்து அதே 'டு' தான். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த குற்றியலுகரம் இதுதான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை. இந்த உகரத்துக்கு அரை. கு, சு, டு, து, பு, று ஆகிய ஆறில் ஒன்று சொல்லின் கடைசியில் வந்தால் அதன் உகரம் குறுகும். அதற்கு முன்னால் தனிக்குறில் மட்டும் நின்றால் குறுகாது. அதனால் நடு, பசு முழு உகரம். நாடு, காசு, பாட்டு, அழகு குறுகியவை. மலையாளத்தார் எழுத்திலேயே இதைக் காட்டிவிடுகிறார்கள்: 'நாடு' என்பதன் கடைசி எழுத்தின் மேல் உகரக்குறி போடாமல், நம் புள்ளி போன்ற சந்திரக்கலையை வைப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, காதுதான் துணை.

வேகமாகப் பேசும்போதுதான் வேடிக்கை. 'எனக்கு இப்ப காசு இல்ல' என்று யாரும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வதில்லை. 'எனக்கிப்ப காசில்ல' என்போம். அடுத்த சொல் உயிரில் தொடங்கியதும் இரண்டு உகரமும் ஓடிப்போய், க், ச் என்ற மெய்களில் இகரம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதே வாக்கியத்தில் காசுக்குப் பதில் பசுவை வையுங்கள். 'பசில்ல' என்று யாரும் சொல்வதில்லை, 'பசுவில்ல' என்கிறோம். முழு உகரம் இடத்தை விடாததால் நடுவே ஒரு 'வ்' வந்து இரண்டு உயிரையும் இணைக்கிறது. பின்னால் மெய்யில் தொடங்கும் சொல் வந்தால் கதை வேறு. 'காசு குடு' என்னும்போது உகரம் எவ்வளவு மெலிந்தாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். யகரம் வந்தால் அது இகரமாகத் திரியும்: நாடு, யாது சேர்ந்து நாடியாது. இது செய்யுளுக்கு உரியது. பேச்சில் கேட்பது அரிது.

விதியில் ஓட்டையும் உண்டு. 'அது' தனிக்குறிலை அடுத்த முழு உகரம்தான். ஆனாலும் 'அதில்ல, நான் சொல்றது வேற' என்று அதன் உகரத்தைத் தினமும் விழுங்குகிறோம். முற்றியலுகரமும் சில இடங்களில் இப்படிக் கெடும் என்று நன்னூல் இதற்கு இடம் விட்டிருக்கிறது. 'கதவு' இலக்கணப்படி முழு உகரம், ஏனெனில் வகரம் வல்லினம் அல்ல. ஆனால் பேச்சில் உதடு குவியாது. 'கதவில்லாத வீடு' என்றுதான் சொல்கிறோம்.

பேச்சுத்தமிழ் இந்த அரை உகரத்தைப் புதிதாகவும் ஒட்டவைக்கிறது. பால் 'பாலு' ஆகிறது, கண் 'கண்ணு' ஆகிறது, ஆங்கிலத்திலிருந்து வந்த பஸ்கூட 'பஸ்ஸு' ஆகிறது. 'பாலு வாங்கினியா?' என்று கேட்டால், 'கடையில பாலில்ல' என்று பதில் வரும். ஒட்டிய உகரமும் உயிரைக் கண்டதும் காணாமல் போய்விடுகிறது.