காதோரம் தெரியும் அலுவலகம்

வேலை தேட லிங்க்ட்இன்னில் போட ஒரு படம் வேண்டும். வீட்டு ஜன்னலோரம் நின்று செல்போனில் எடுத்தாயிற்று. முகம் நன்றாக விழுந்திருக்கிறது; பின்னால்தான் பீரோவும் கொடியில் துணியும். அவற்றை வெட்டிவிட்டு மங்கலான அலுவலகம் ஒன்றை ஒட்டலாம்தான். எதை ஒட்டுவது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் உங்கள் முகத்தைப் பாருங்கள். படத்தில் இடக்கன்னம் வெளிச்சமாகவும் மூக்கின் நிழல் வலப்பக்கமாகவும் இருந்தால், பின்னணியிலும் ஜன்னல் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். வலப்பக்கம் கண்ணாடிச் சுவர் பளபளக்கும் படத்தை ஒட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் படும். பிடித்த படம் எதிர்த்திசையில் இருந்தால் அதை இடவலமாகத் திருப்பிவிடலாம், எழுத்து எதுவும் தெரியாத பட்சத்தில். பகல் வெளிச்சத்து முகத்துக்கு மஞ்சள் விளக்கு எரியும் அறையும் ஒட்டாது.

அடுத்தது, எவ்வளவு மங்கல் என்பது. இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று மீட்டர் பின்னால் உள்ள சிறு விளக்கு, முகத்தின் அளவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 3 செ.மீ. வட்டமாக விரியும். அதாவது ஒரு கண்ணின் அகலம். கடையில் கிடைக்கும் பின்னணிப் படங்களில் ஒளிவட்டங்கள் கன்னம் அளவுக்கு ஊதியிருக்கும். சாதாரண அறையில் அப்படி வராது. மேசை, நாற்காலி என்று அடையாளம் தெரிய வேண்டும், விளிம்பு மட்டும் கரைந்திருக்க வேண்டும். நம்பும்படி இருப்பது அந்த மங்கல்தான்.

கேமரா உயரத்தையும் கவனியுங்கள். கண்ணுக்கு நேராக எடுத்த படம் என்றால், பின்னணியில் உள்ளே ஓடும் மேசை விளிம்பும் கூரைக் கோடும் நீட்டினால் உங்கள் கண் மட்டத்தில் சந்திக்க வேண்டும். மேசைப் பரப்பு மேலிருந்து பார்ப்பதுபோல் விரிந்து கிடந்தால், அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

ஒட்டியபின் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியவை தலைமுடி ஓரமும் மூக்குக்கண்ணாடிக் கம்பிக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட சந்தும். பழைய பீரோவின் பச்சை அங்கேதான் எட்டிப்பார்க்கும். பின்னணி முகத்தைவிடச் சற்று இருண்டிருப்பது நல்லது. செல்போன் படத்தில் முகத்தில் பொடிப்பொடியான புள்ளிகள் இருக்க, பின்னணி மெழுகியதுபோல் வழவழப்பாக இருந்தாலும் ஒட்டு வேலை தெரிந்துவிடும். பின்னணியிலும் அதே புள்ளிகளைக் கொஞ்சம் தூவிவிடுங்கள்.

லிங்க்ட்இன் படத்தை வட்டமாக நறுக்கிவிடும். தோளுக்கு மேல் இரு பக்கமும் பிறை அளவு இடம்தான் மிஞ்சும். அதற்குள் வானளாவிய கட்டடங்கள் எதற்கு? வெளிர்சாம்பல் சுவர், ஒரு கதவின் நிழல், தூரத்தில் ஓர் அலமாரி போதும். இதையெல்லாம் கேட்டுச் சலிப்பாக இருந்தால், தெரிந்தவர் அலுவலகத்துக்குப் போய், சுவருக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டால் அதுதான் சுலபம்.