சொந்தமாக ஒரு கூரை – 9: காலி மனையும் கடன் கணக்கும்

"ஃபிளாட்டுன்னா தேடி வந்து கடன் கொடுக்கறாங்க. மனைன்னு சொன்னா மட்டும் ஏன் சார் இழுத்தடிக்கறாங்க?" சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும்.

செங்கல்பட்டுப் பக்கம் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. சதுர அடி 2,500 ரூபாய் வீதம் 30 லட்சம். அந்தத் தெருவுக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு 1,400 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்வோம். "பத்திரத்துல கைடுலைன் விலையைப் போட்டுக்கலாம், மீதியைக் கையில கொடுத்துடுங்க" என்பார் விற்பவர். பத்திரத்தில் ஏறுவது 16.8 லட்சம். வங்கி அதில் 70 சதவீதம் தருவதாக இருந்தால், கிடைப்பது 11.76 லட்சம். மீதி 18 லட்சத்துக்கும் மேல் உங்கள் பொறுப்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனி.

இதே 30 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினால்? 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 27 லட்சம் வரை கிடைக்க வழியுண்டு.

மனையின் முழு விலையையும் பத்திரத்தில் எழுதினாலும் 70 சதவீதம் என்றால் 21 லட்சம்தான். வங்கியின் பயம் அப்படி. கையில் பணம் முடையானால், குடியிருக்கும் வீட்டின் தவணையை யாரும் லேசில் விடமாட்டார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு மனைக்கும் தவணை கட்டுகிறவர், முதலில் நிறுத்துவது மனையின் தவணையைத்தான். ஏலத்துக்குப் போனாலும் ஃபிளாட்டுக்குக் கதவும் பூட்டும் மின் இணைப்பும் உண்டு. காலி மனையில் எல்லைக்கல் நகர்ந்திருக்கும், பக்கத்து வேலி உள்ளே வந்திருக்கும். புல வரைபடத்தை வைத்துச் சர்வேயர் மறுபடி அளக்க வேண்டும். நிலம் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தால், நீதிமன்றம் போகாமல் கையகப்படுத்த உதவும் சர்ஃபேசி சட்டமும் அங்கே செல்லாது.

இன்னொன்று: மனை வாங்க வீட்டுக் கடன் கேட்டால், வங்கி குறிக்கும் காலத்துக்குள் அங்கே வீடு கட்டும் எண்ணம் உண்டென்று உறுதிமொழி எழுதி வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சொன்ன காலத்தில் கட்டாவிட்டால் வட்டியை ஏற்றும் வங்கிகள் உண்டு. விலை ஏறட்டும் என்று சும்மா போட்டு வைக்க நினைப்பவருக்கு இந்தக் கடன் பொருந்தாது. சீக்கிரமே கட்டப் போகிறீர்கள் என்றால், மனைக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்து ஒரே கடனாகக் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்திர நகல்களுடன் வங்கிக்குப் போய், எந்த மதிப்பின் மேல், எத்தனை சதவீதம் என்று கேட்டுவிடுங்கள். பத்திரத்தில் ஏறாத ரூபாய்க்கு எந்த வங்கியும் கடன் தராது.