மைக்கைத் திறந்ததும் ஒலி ஏன் மங்குகிறது?

கணினியில் புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு துல்லியமாகக் கேட்கும். விளையாட்டில் நண்பருடன் பேச மைக்கைத் திறந்த நொடியில் துப்பாக்கிச் சத்தமும் காலடி ஓசையும் பழைய டெலிபோனில் கேட்பதுபோல் தட்டையாகிவிடும். ஹெட்செட் பழுதில்லை. வழக்கமான புளூடூத்தில் ஸ்டீரியோ இசைக்கான முறை ஒருவழிப் பாதை. மைக் வேண்டுமென்றால் கணினி தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறுகிறது. அதில் இரு காதுக்கும் ஒரே ஒலிதான். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பது தெரியாமல் போகும்.

கேமிங் ஹெட்செட்டோடு வரும் யுஎஸ்பி டாங்கிளும் புளூடூத் இயங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகிறது. ஆனால் நிறுவனம் தானே வகுத்த முறையில், ஸ்டீரியோவையும் மைக்கையும் ஒருசேரக் கடத்துகிறது, தாமதமும் குறைவு. கணினிக்கு அது வெறும் யுஎஸ்பி ஒலிக்கருவி. விலை இதுதான்: டாங்கிள் தொலைந்தால் வேறு நிறுவனத்தின் டாங்கிள் உதவாது.

டாங்கிளிலும் ஒலி விட்டுவிட்டு வந்தால், பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். அதன் மின்னிரைச்சல் இதே அலைவரிசையில் விழும். டிஸ்க்கில் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் ஒலி வெட்டினால் காரணம் அதுவே. நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளை மேசைமேல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.